சாயங்கால அளவு

ஆஸ்பத்திரியில் புருஷனைக் கட்டிலில் கொண்டுவந்து போட்ட உடனேயே சிஸ்டர் கேட்ட முதல் நாலு கேள்விகளில் மூன்றுக்கு அவள் உண்மையைச் சொன்னாள். வயது சொன்னாள், எப்படி விழுந்தார் என்று சொன்னாள், வலிப்பு வியாதி உண்டு என்று சொன்னாள். நாலாவதாக, குடிப்பழக்கம் உண்டா என்று சிஸ்டர் தலை நிமிராமலே கேட்டபோது, "அதெல்லாம் இல்லைங்க" என்றாள். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் எந்நேரமும் தயாராக இருந்தது, வந்துவிட்டது.

பக்கத்தில் நாத்தனார் வேறு நின்றுகொண்டிருந்தாள். புருஷனுக்கு மூத்தவள், தாய் போன பிறகு தம்பியை வளர்த்தவள். தம்பி எச்சில் விழுங்கினால்கூடத் தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் விழுங்குவான் என்ற நினைப்பு அவளுக்கு. "எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் அதைத் தொட்டது கிடையாது" என்று சிஸ்டர் கேட்காத சங்கதியையும் சேர்த்துச் சொன்னாள். சிஸ்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

வீட்டு ஆண்கள் தொடவில்லை என்பது ஒரு வகையில் சரிதான். கடைக்குப் போய் வாங்கி வந்தது அவள்தானே.

அவளுக்கு வேலை ஒரு துணிக் கம்பெனியில். தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, தையல் விட்ட இடம், நூல் தொங்கும் இடம், காலர் ஒரு நூல் கோணிய இடம் என்று பார்த்து ஒதுக்கும் வேலை. அங்கே அவளுக்குப் பெயர் செக்கிங்கக்கா. இவள் கண்ணுக்குத் தப்பி ஒரு குறை வெளியே போக முடியாது என்று சூப்பர்வைசரே சொல்லுவார். அந்தப் பெருமைதான் அவளை இந்த இடத்தில் கொண்டுவந்து விட்டது என்று நான் சொல்லுவேன். குறை தேடிப் பழகிய கண் வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை.

புருஷன் நம்பர் பிளேட் எழுதுகிறவர். ஒரு காலத்தில் சாரத்தில் ஏறி நின்று பெரிய பெரிய விளம்பரப் பலகை எழுதியவர்தான். வலிப்பு வந்த பிறகு உயரம் கூடாது என்றார்கள். அதனால் தரையில் உட்கார்ந்து கார்களுக்கும் பைக்குகளுக்கும் எண் எழுதுகிறார். தொழில் சினேகிதர்கள் அவரை இன்னும் பிரஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையும் இரவும் ஒவ்வொரு மாத்திரை. அதை ஒழுங்காகப் போட்டவரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். வாரக் கடைசியில் அந்தச் சினேகிதர்களோடு சேர்ந்து குடிக்க ஆரம்பித்தார், பிறகு அது மற்ற நாட்களுக்கும் பரவியது. வீட்டில் தினம் ரகளை. அவள் திட்டுவாள், அவர் வாயே திறக்கமாட்டார். இருவருக்கும் நடுவே தட்டுகள் மட்டும்தான் பேசிக்கொள்ளும்.

அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். குடித்த ராத்திரிகளில் வலிப்பு வரவில்லை. குடிக்காத அடுத்த நாள்தான் வந்தது. ஒரு தடவை தற்செயல் என்று விட்டாள். இரண்டாவது தடவை நெற்றியைச் சுருக்கினாள். மூன்றாவது தடவை அவளுக்குச் சந்தேகமே இல்லை. குடித்தால் வரவில்லை, நிறுத்தினால் வருகிறது. சட்டையில் குறையைக் கண்டுபிடித்த மாதிரி கண்டுபிடித்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அவர் கை நடுங்க, நெற்றி வேர்க்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் அவர் ஒளித்து வைத்திருந்த பிராந்தியை எடுத்து, இருமல் மருந்துக்கு வரும் சின்ன மூடியில் ஊற்றி நீட்டினாள். ஒரு மூடி, இன்னொரு மூடி, இன்னும் கொஞ்சம். நடுக்கம் நின்றது. கண்ணெதிரே நின்றது. அதன் பிறகு யார் வந்து சொன்னாலும் நம்புவாளா?

மாத்திரை விஷயம் அதைவிட மோசம். மருந்துக்கடைக்காரர் ஒருநாள் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார், இந்த மாத்திரையோடு குடி சேரவே கூடாது என்று. நல்ல வார்த்தைதான். அதை அவள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் வயிற்றில் சேரக் கூடாதென்றால், குடிக்கும் வேளையில் மாத்திரையை விட்டுவிட வேண்டியதுதானே! சாயங்காலம் பிராந்தி கொடுத்ததால் இரவு மாத்திரையை நிறுத்தினாள். காலை மாத்திரை மட்டும் தவறாமல். ரொம்பப் பத்திரமாக, ரொம்பப் பொறுப்பாக.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. மூடி டம்ளராகி, டம்ளர் அரை பாட்டிலாகியிருந்தது. பழைய அளவுக்கு நடுக்கம் அடங்கவில்லை, அவள் என்ன செய்வாள்? மதுக்கடையில் அவளைக் கண்டதும் கேட்காமலே காகிதத்தில் சுற்றி எடுத்து வைப்பார்கள். கடை மூடும் நாள் எது என்று முன்கூட்டியே தெரிந்து வாங்கி வைப்பாள். ஒரே ஒரு தடவை ஊரில் ஏதோ கலவரம் என்று கடை திடீரென்று மூடிக் கிடந்தது. மறுநாள் மத்தியானம் அவருக்கு வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பார்த்தீர்களா, நான் நினைத்தது சரிதான் என்று அவள் மனசு சொன்னது.

இன்னொன்றும் நடந்தது. அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். மருந்து குடிக்கிற நோயாளியை யாராவது திட்டுவார்களா? தினமும் சாயங்காலம் அவள் அளந்து ஊற்றிக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் அன்றைக்கு எந்தக் காருக்கு என்ன எண் எழுதினார் என்று சொல்லுவார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். சந்தோஷம் என்று இதற்குப் பெயர் வைக்க அவளுக்குத் தோன்றியதில்லை. ஆனால் சண்டை இல்லாத வீடு. அவளுக்கு அது போதும் என்றாகிவிட்டிருந்தது. உள்ளே ஏதோ மரத்துப் போயிருந்ததும், அது மரத்துப் போயிருக்கிறது என்பதே தெரியாமல் இருந்ததும் அந்த மூன்று வருஷத்தில்தான்.

இந்தத் தடவை அவர் விழுந்ததற்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. திங்கட்கிழமை காலை குளியலறை வாசலில் ஈரத்தில் வழுக்கினார், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தகடு வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும், புதன்கிழமை காலை என்றார்கள். கடைசியாகக் குடித்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை சாயங்காலமே அவர் விரல்கள் போர்வையைப் பிசைய ஆரம்பித்தன. வலி என்றுதான் சிஸ்டர் நினைத்தாள். இரவு மாத்திரையை நேரத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை அவர் விழுங்கியதைப் பார்த்தபோது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. குடிதான் இல்லையே, மாத்திரை சேர்ந்தால் குற்றமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முறிந்த காலைக் கட்டிப் போட்டிருந்தார்கள், இல்லாவிட்டால் எழுந்து நடந்திருப்பார் போல. யாரோ ஜன்னலோரம் நிற்கிறார்கள் என்றார். யாரும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, "கொஞ்சம்" என்றார்.

அவள் நாத்தனாரைக் கட்டில் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் போகும்போது அவளுக்குப் பயமோ படபடப்போ எதுவும் இல்லை. கம்பெனியில் சட்டை அடுக்குகிற மாதிரி காரியங்களை அடுக்கிக்கொண்டே போனாள். துண்டு, வேஷ்டி, சோப்பு, தண்ணீர் கொண்டுபோகும் எவர்சில்வர் பாட்டில். பாட்டிலில் பிராந்தியை ஊற்றி மூடியை இறுக்கினாள். வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தாள். மேலே ஒரு ஈரத்துணியைச் சுற்றினாள்.

திரும்பி வந்தபோது நாத்தனார் கட்டிலை விட்டு அசைவதாக இல்லை. டீ குடித்துவிட்டு வாங்கக்கா என்றால் வேண்டாம் என்றாள். கொஞ்சம் காற்றாட நடந்துவிட்டு வாங்கக்கா என்றால், எனக்கென்ன காற்று என்றாள். தம்பிக்கு எப்படி வேர்க்கிறது பார், இந்த ஃபேனை மாட்டியவன் எவன் என்று திட்டிக்கொண்டே விசிறினாள். பையில் பாட்டில் கனத்தது. அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி பையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுத் தட்டு வந்த நேரத்தில் வலிப்பு வந்தது. முதலில் ஒரு சத்தம், தொண்டையிலிருந்து. பிறகு உடம்பு முழுக்க விறைத்து, உதற ஆரம்பித்தது. நாத்தனார் ஓடிப்போய் வாயைத் திறக்க ஸ்பூனைத் தேடினாள். அவள்தான் கையைப் பிடித்துத் தடுத்தாள். வாயில் எதையும் வைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். காலர் பட்டனை அவிழ்த்தாள். தலை கட்டில் கம்பியில் மோதாமல் தன் கையை நடுவில் வைத்தாள். உதறல் நின்றதும், கட்டிய கால் அசையாமல் இருவருமாகச் சேர்ந்து அவரை ஒருக்களித்தார்கள், எச்சில் வெளியே வழியட்டும் என்று. இதையெல்லாம் அவள் எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். தெரிந்தது எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்வாள். தெரியாத ஒன்றைத்தான் மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்.

வார்டு டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. வீட்டில் மாத்திரை விட்டுப் போனதுண்டா என்று கேட்டார். இல்லை என்றாள் அவள். வேறு ஏதாவது மருந்து, வேறு ஏதாவது பழக்கம்? நாத்தனார் முந்திக்கொண்டு, என் தம்பி சொக்கத்தங்கம் என்ற மாதிரி பதில் சொன்னாள். அவள் தரையைப் பார்த்தாள். அப்படியானால் மாத்திரை போதவில்லை என்றுதான் அர்த்தம் என்று டாக்டர் சொன்னார். அதே மருந்தை டிரிப்பில் கூடுதலாக ஏற்றச் சொல்லி, தலைக்கு ஒரு ஸ்கேனும் எழுதிவிட்டு, அவசரமாக வேறொரு வார்டுக்குப் போனார்.

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, மென்று விழுங்கிவிட்டாள். சொன்னால் நாத்தனார் என்ன சொல்லுவாள் என்பதுகூடப் பெரிதில்லை. தான் கண்டுபிடித்த வைத்தியம் இன்னும் கையில் இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். நாலு வாய் உள்ளே போனால் போதும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கேனுக்கு எப்போது கூட்டிப்போவார்கள் என்று விசாரிக்க நாத்தனார் ஒருவழியாக எழுந்து போனாள்.

அவள் பாட்டிலை எடுத்தாள். அவர் இன்னும் முழுதாக விழிக்கவில்லை. கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது, மூச்சு குறட்டையாக வந்தது. தலையைக் கையில் தாங்கி லேசாகத் தூக்கினாள். மூடியில் ஊற்றி உதட்டுக்குக் கொண்டுபோனாள். நிதானமாகத்தான் செய்தாள்.

"என்னம்மா பண்றீங்க? இப்பத் தண்ணி குடுக்கக் கூடாது." சிஸ்டர் எங்கிருந்து வந்தாளோ, அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "முழுசா முழிக்காதவங்களுக்கு ஒரு சொட்டு குடுத்தாக்கூட மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். உயிருக்கே ஆபத்து."

சிஸ்டர் அதைத் தண்ணீர் என்றுதான் நினைத்தாள். சரிங்க என்று சொல்லி மூடியைத் திருகிப் பைக்குள் வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உயிருக்கே ஆபத்து என்ற வார்த்தையில் அவள் நின்றுவிட்டாள். நான் கொடுத்ததெல்லாம் உயிரைக் காப்பாற்றத்தானே? கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். அதில் அவருடைய எச்சில் பட்டிருந்தது.

"சிஸ்டர், இது பிராந்தி" என்றாள்.

சிஸ்டர் மூடியை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"தினமும் குடிப்பாரு. நான்தான் வாங்கிக் குடுப்பேன். அரை பாட்டில். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடைசியா குடிச்சாரு. அதுக்கப்புறம் இல்ல. குடிக்கலேன்னா இவருக்கு வலிப்பு வந்துடும் சிஸ்டர், அதுக்குத்தான்."

சொல்லி முடிப்பதற்குள் பின்னால் ஒரு சத்தம். நாத்தனார் வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. கேட்பதற்கும் நேரமில்லை. கட்டில் மறுபடி குலுங்க ஆரம்பித்துவிட்டது. முதல் வலிப்பிலிருந்து அவர் விழிப்பதற்கு முன்பே இரண்டாவது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகம். சிஸ்டர் ஒரு குரல் கொடுத்தாள், திரையை இழுத்தாள், டாக்டர் ஓடி வந்தார். சிஸ்டர் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் முகம் மாறியது. திட்டவில்லை. இந்த மருந்து போதாது, வேறு ஊசியைக் கொண்டுவாருங்கள் என்றார். நரம்பில் ஊசி இறங்கியது. அவள் திரைக்கு வெளியே நின்று திரையின் மடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் ஒரு இடத்தில் விட்டிருந்தது. குலுங்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் டிரிப், அதில் மஞ்சளாக ஏதோ வைட்டமின். நாளைய ஆபரேஷன் தள்ளிப் போனது.

நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அடிப்பாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீயா வாங்கிக் குடுத்த?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆமாங்கக்கா என்றாள் அவள்.

சாயங்காலம் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல வேளை சொன்னீர்கள் என்றுதான் ஆரம்பித்தார். அவள் தான் கண்டுபிடித்ததைச் சொன்னாள், குடித்தால் வராது, குடிக்காவிட்டால் வரும் என்று. டாக்டர் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார்.

"நீங்க பார்த்தது சரிதான்மா. காரணத்தைத்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்றார். "குடி மூளையை அமுக்கி வைக்கும். தினமும் அமுக்கினா, மூளை அதை எதிர்த்து முறுக்கிக்கிட்டே இருக்கும். திடீர்னு குடி நின்னா அமுக்குறது போயிடும், முறுக்கு மட்டும் மிச்சம். அப்பத்தான் நடுக்கம், வேர்வை, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது, வலிப்பு. வலிப்பே இல்லாதவங்களுக்கே வரும். இவருக்கு ஏற்கெனவே வலிப்பு இருக்கு. நீங்க குடுத்ததும் அடங்குச்சே, அது குணமாகல. மறுபடி அமுங்குச்சு, அவ்வளவுதான்."

"ராத்திரி மாத்திரை?"

"அதை நிறுத்தினது ரெண்டாவது தப்பு. மாத்திரையோட குடிக்காதீங்கன்னா குடியை விடணும்னு அர்த்தம். குடிச்சுட்டாருன்னாக்கூட மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது. மாத்திரை விட்டாலே வலிப்பு வரும்."

அவள் தலையாட்டினாள். அப்படியானால் இப்போது என்ன செய்வது, மறுபடி கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கட்டுமா என்று கேட்டாள். கூடாது என்றார் டாக்டர். தினமும் குடிக்கிறவரை வீட்டில் ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து, அவளாக அளந்து கொடுத்து வைத்தியம் பார்ப்பதும் ஆபத்து. இங்கே அதற்கென்று மருந்து உண்டு, இன்றைக்கு அதிகமாகக் கொடுத்து, பிறகு நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவோம், வலிப்பு மாத்திரை அதுபாட்டுக்கு இரண்டு வேளையும் போகும் என்றார்.

"அப்ப அந்த மூணு வருஷத்துல வந்ததெல்லாம் என்னாலதானுங்களா?"

தெரியாமல்தானே செய்தீர்கள் என்றார் டாக்டர். அவள் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு எழுந்தாள். அழுகை வரும் என்று வராந்தாவில் ஒரு தூணோரம் நின்று பார்த்தாள். வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு ரத்தம் வழிந்த முகம் நினைவுக்கு வந்தது. அதுவும் யாரோ வீட்டு ஆள் மாதிரி இருந்தது. பாட்டிலைக் கழிவறையில் கவிழ்த்துக் கழுவிவிட்டு வந்தாள்.

இரண்டு நாளில் அவர் தெளிந்தார். நடுக்கம் குறைந்தது, ஜன்னலோரம் நின்றவர்களும் போய்விட்டார்கள். சாப்பிட்டார். அவளிடம் அதிகம் பேசவில்லை. சோர்வு என்று அவள் நினைத்தாள். தான் செய்ததை அவரிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கி அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு மருந்து என்று நினைத்து விஷத்தை ஊற்றிவிட்டேன் என்பதை எந்த வார்த்தையில் சொன்னாலும் அப்படித்தான் வந்தது. மன்னிப்பாரா மாட்டாரா என்பது ஒன்றுதான் இப்போது அவளுக்குக் கணக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் மாடியிலிருந்து வலிப்பு டாக்டர் இறங்கி வந்தார். வயதானவர், மாதா மாதம் புருஷன் தனியாகப் போய்ப் பார்த்து வருகிறவர். புருஷன் போகும் நேரத்தில் அவள் கம்பெனியில் இருப்பாள், ஒரு தடவைகூட உடன் போனதில்லை. புருஷன் தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் எழுப்ப வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, என் கார் நம்பர்கூட இவர் எழுதியதுதான் என்று சிரித்தார். பிறகு அவளைப் பார்த்து, நீங்கள்தான் சம்சாரமா என்று கேட்டார்.

"வருத்தமா இருக்கும்மா" என்றார். "நான் இவர்கிட்ட ஆரம்பத்துலயே சொன்னேன். குடியும் இந்த வியாதியும் ஆகாது, ஆனா வீட்டுல நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, மாத்திரையையும் விடாதீங்க, இங்க வந்து படுத்து நிறுத்துங்கன்னு. வர்றப்பல்லாம் கேப்பேன். வீட்டுல எல்லாம் சொல்லியாச்சு, அவங்களே தினமும் அளந்து குறைச்சுக்கிட்டு வர்றாங்கன்னு சொல்வாரு. உங்களை ஒரு தடவை கூட்டிட்டு வரச் சொன்னேன். வேலைன்னு சொல்லிட்டாரு."

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள். நாத்தனார் கையிலிருந்த விசிறி நின்றது.

அவருடைய தூக்கம் அவளுக்குத் தெரியும். வலிப்புக்குப் பிறகு வரும் தூக்கம், குடித்த தூக்கம், களைத்த தூக்கம், ஒவ்வொன்றும் எப்படி மூச்சு விடும் என்று தெரியும். இது எதுவும் இல்லை. இமைக்குள் கண் அசைந்தது. மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தார். விழித்துக்கொண்டு படுத்திருந்தார்.

டாக்டர் அவள் தோளைத் தட்டிவிட்டு மாடிக்குப் போனார். நாத்தனார் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். இத்தனை நாளும் அடுக்கி வைத்த வார்த்தைகளுக்கு இனி வேலையில்லை.

சாயங்கால மாத்திரையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சிஸ்டர் வந்தாள். வழக்கம்போல அவளிடம் நீட்டினாள், எழுப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று.

"அவர் கைக்கு ஒண்ணும் ஆகல சிஸ்டர்" என்றாள் அவள். "அவர் கையிலயே குடுங்க. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு."

அவர் கண்ணைத் திறந்தார். சிஸ்டர் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரையும் கொடுத்தாள். விழுங்கினார். சிஸ்டர் நகர்ந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் அவள்.

அவர் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். "தெரியும்" என்றார். பிறகு, அவள் கேட்காமலே, "நீ குடுக்க ஆரம்பிச்சப்புறந்தான் என் பக்கத்துல வந்து உக்காந்த. சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்ப."

அவர் டம்ளரை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்தால் எப்போதும்போல உட்கார்ந்ததாகிவிடும், எழுந்து போனால் அவர் சொன்னதே நிஜமாகிவிடும். நீட்டிய கை வலிக்க ஆரம்பித்து அவர் டம்ளரைத் தானே மேஜையில் வைக்கும்வரை அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.